நுரையுடன் மஞ்சள் - பச்சை நிறத்தில் வெள்ளைப்படுகிறதா? எல்லா அரிப்பும் ஈஸ்ட் தொற்று அல்ல!

வெள்ளைப்படுதலும் அரிப்பும் சேர்ந்து வந்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் சொல்லப்படும் காரணம் 'உடம்பு சூடு'. இளநீர், ஊறவைத்த வெந்தயம், மோர் என்று ஒரு வாரம் போகும். அதிலும் சரியாகவில்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் 'ஃபங்கஸுக்கு' என்று ஒரு கிரீமோ, உள்ளே வைக்கும் மாத்திரையோ வாங்கப்படும். அப்போதும் நிற்காமல், திரவம் நுரை நுரையாக, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், கெட்ட வாடையுடன் வரும்போதுதான் 'இது வேற ஏதோ' என்ற பயம் வருகிறது.

அந்த 'வேற ஏதோ'வின் பெயர் பல நேரங்களில் ட்ரைக்கோமோனியாசிஸ். பெயர்தான் வாயில் நுழையாதே தவிர, இது அரிய நோய் அல்ல. 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 15 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று புதிதாக ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. சரியான மாத்திரை கொடுத்தால் குணமாகிவிடக்கூடிய தொற்று இது. சிக்கல் என்னவென்றால், பலருக்கு அந்தச் சரியான மாத்திரை போய்ச் சேருவதே இல்லை.

கிருமி எது?

ஈஸ்ட் தொற்றுக்குக் காரணம் பூஞ்சை. பாக்டீரியல் வெஜைனோசிஸுக்குக் காரணம் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது. ட்ரைக்கோமோனியாசிஸுக்குக் காரணம் இந்த இரண்டும் அல்ல. 'ட்ரைக்கோமோனாஸ் வெஜைனாலிஸ்' என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. 1836-ம் ஆண்டில் பாரிஸைச் சேர்ந்த மருத்துவர் ஆல்ஃப்ரெட் டோனே, பெண்களின் பிறப்புறுப்புத் திரவத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, உயிருடன் துள்ளிக்கொண்டிருந்த இந்தக் கிருமியைக் கண்டார். பேரிக்காய் வடிவம், முன்பக்கம் சாட்டை போன்ற இழைகள். அவற்றை அடித்து அடித்து நகரும்.

இந்தக் கிருமி பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையோடு நிற்பதில்லை. சிறுநீர்த் துவாரத்திலும், அதை ஒட்டியுள்ள சின்னச் சின்ன சுரப்பிகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாயில் தங்கும். பரவுவது உடலுறவு மூலம். பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்ததாலோ, அலுவலக பாத்ரூமைப் பயன்படுத்தியதாலோ வந்திருக்கும் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால், பெரியவர்களுக்கு இது தொற்றும் வழி அதுவல்ல.

நிறம் ஏன் மாறுகிறது?

எல்லா வெள்ளைப்படுதலும் நோய் அல்ல. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக வருவதும், மாதவிடாய்க்கு முன்பு கொஞ்சம் கெட்டியாக வருவதும் இயல்பு. அதில் அரிப்போ, எரிச்சலோ, கெட்ட வாடையோ இருக்காது.

ஆரோக்கியமான பெண்ணின் பிறப்புறுப்பில் 'லாக்டோபேசில்லஸ்' என்ற நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்கள் இவை. இவை சுரக்கும் அமிலத்தால் அந்த இடம் எப்போதும் லேசான புளிப்புத்தன்மையுடன் இருக்கும். பி.ஹெச் அளவில் சொன்னால் சுமார் 3.8 முதல் 4.5 வரை. இந்தப் புளிப்பில் பல கிருமிகளால் பிழைக்க முடியாது.

ட்ரைக்கோமோனாஸ் நுழைந்ததும் இந்தச் சமநிலை கெடுகிறது. புளிப்பு குறைந்து, பி.ஹெச் 4.5-க்கு மேல் போகிறது. கிருமியை எதிர்க்க உடல் வெள்ளை அணுக்களை அங்கே குவிக்கிறது. அந்த அணுக்கள் கலந்து சீழ் போல வருவதால்தான் மஞ்சள், பச்சை நிறம். வாயுக் குமிழ்கள் கலந்திருந்தால் நுரை தெரியும். உள்சுவர் புண்பட்டுச் சிவப்பதால் அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், உறவின்போது வலி. சிலருக்கு மாதவிடாய் முடிந்த கையோடு தொந்தரவு அதிகமாகும். ரத்தம் அந்த இடத்தின் புளிப்பை மேலும் குறைத்துவிடுவது இதற்கு ஒரு காரணம்.

புத்தகத்தில் எழுதியிருப்பது போல நுரையும் பச்சை நிறமும் எல்லோருக்கும் வருவதில்லை. தொற்று இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே அப்படி வரும். பலருக்குச் சாதாரண மஞ்சள் திரவம்; இன்னும் பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை. 'எனக்கு நுரை வரலையே' என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. நுரையைப் பார்த்ததும் இதுதான் என்று முடிவு கட்டவும் முடியாது.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

வெள்ளைப்படுதல், வாடை, அரிப்பு என்று வரும் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மூன்று தொற்றுகள். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல என்பதால் பிரித்துப் பார்ப்பது முக்கியமாகிறது.

முதலாவது, கேண்டிடா எனும் ஈஸ்ட் தொற்று. இதில் திரவம் கெட்டியாக, திரிந்த பால் போலவோ தயிர்க்கட்டி போலவோ வெள்ளையாக இருக்கும். வாடை பெரிதாக இருக்காது. அரிப்புதான் பிரதானம், தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அரிக்கும். வெளிப்பகுதி சிவந்து வீங்கும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் ஆகியோருக்கு இது அதிகம். பி.ஹெச் பெரும்பாலும் மாறாது. புளிப்பு அப்படியே இருக்கும்.

இரண்டாவது, பாக்டீரியல் வெஜைனோசிஸ். இதில் திரவம் மெல்லியதாக, சாம்பல் கலந்த வெள்ளையாக, கரைத்த மாவைப் பூசியது போல இருக்கும். மீன் வாடை இதன் அடையாளம். உறவுக்குப் பிறகு அந்த வாடை தூக்கலாகும். அரிப்பும் எரிச்சலும் குறைவு. பி.ஹெச் 4.5-க்கு மேல்.

மூன்றாவது, ட்ரைக்கோமோனியாசிஸ். மஞ்சள் - பச்சை, நுரை, வாடை, அரிப்பு, எரிச்சல். வாடையில் இது பாக்டீரியல் வெஜைனோசிஸை ஒத்திருக்கும். அரிப்பில் ஈஸ்ட் தொற்றை ஒத்திருக்கும். வாடையைச் சொன்னால் ஒரு மருந்து, அரிப்பைச் சொன்னால் இன்னொரு மருந்து என்று சிகிச்சை தடம் மாறுவது இதனால்தான். பாக்டீரியல் வெஜைனோசிஸும் ட்ரைக்கோமோனியாசிஸும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

இந்த மூன்றில், துணைக்கும் கட்டாயம் சிகிச்சை தர வேண்டியது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் ஒரே குரலில் சொல்வது ட்ரைக்கோமோனியாசிஸுக்குத்தான்.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் கேள்விகள். எத்தனை நாளாக, என்ன நிறம், வாடை உண்டா, கடைசி மாதவிடாய் எப்போது, ஏற்கெனவே என்ன மருந்து போட்டீர்கள், கணவருக்குச் சிறுநீர் எரிச்சல் உண்டா என்பவை. அடுத்து, ஸ்பெகுலம் எனும் கருவியை மெதுவாக உள்ளே வைத்து கருப்பைவாயைப் பார்ப்பார். சிலருக்குக் கருப்பைவாயில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கும். பார்க்க ஸ்ட்ராபெர்ரி பழம் போல இருக்கும். அது தெரிந்தால் ட்ரைக்கோமோனியாசிஸுக்கு வலுவான அடையாளம். ஆனால், வெறும் கண்ணுக்கு அது மிகச் சிலரிடமே தெரியும்.

பிறகு, பக்கவாட்டுச் சுவரிலிருந்து எடுத்த திரவத்தை பி.ஹெச் காகிதத்தில் தொட்டுப் பார்ப்பார். காகிதம் காட்டும் எண் 4.5-க்குள் என்றால் ஈஸ்ட் தொற்றின் பக்கம் சந்தேகம் போகும். அதற்கு மேல் என்றால் மற்ற இரண்டின் பக்கம். மாதவிடாய் ரத்தமோ விந்துவோ கலந்திருந்தால் இந்த எண் தப்பாகக் காட்டும். அதனால் பரிசோதனைக்கு முந்தைய நாள் உறவைத் தவிர்ப்பதும், உள்ளே தண்ணீரோ 'வாஷ்' திரவமோ விட்டுக் கழுவாமல் போவதும் நல்லது.

அடுத்தது 'வெட் மவுன்ட்'. திரவத்தில் ஒரு துளியைச் சலைன் கலந்து கண்ணாடி ஸ்லைடில் வைத்து, உடனே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. கிருமி துள்ளித் துள்ளி நகர்ந்தால் நோய் உறுதி. செலவு குறைவு, சில நிமிடங்களில் முடிவு. ஆனால், இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கிருமி உயிரோடு நகரும்போது மட்டுமே அதை அடையாளம் காண முடியும். நின்றுவிட்டால் வெள்ளை அணுக்களோடு கலந்து தெரியாமல் போய்விடும். மாதிரியை எடுத்து, வேறு தெருவில் இருக்கும் லேபுக்கு அனுப்பி, அவர்கள் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கணிசமாகக் குறையும். உடனே பார்த்தாலும்கூட, தொற்று இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் இந்தப் பரிசோதனை பிடிக்கும்.

எனவே 'வெட் மவுன்ட் நெகட்டிவ்' என்ற ரிப்போர்ட், 'தொற்று இல்லை' என்பதற்கான சான்றிதழ் அல்ல. கிருமியின் மரபணுவைத் தேடும் நவீன பரிசோதனை இதைவிடப் பல மடங்கு துல்லியமானது. கிருமி இறந்திருந்தாலும் பிடித்துவிடும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, செலவும் அதிகம். ஆனாலும் சிகிச்சைக்குப் பிறகும் தொந்தரவு திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்கலாம்.

ஒரு குடும்பத்தில் நடப்பது இப்படித்தான்...

இந்த நோய் ஒரு வீட்டில் எப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் 32 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். மாதவிடாய் முடிந்த நான்காம் நாள் அரிப்பு ஆரம்பிக்கிறது. ஒரு வாரத்தில் மஞ்சள் திரவம். மெடிக்கல் ஷாப்பில் க்ளோட்ரிமசோல் வாங்கி ஆறு இரவு உள்ளே வைக்கிறார். அரிப்பு கொஞ்சம் அடங்குகிறது, பிறகு முன்பைவிட அதிகமாகிறது. க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கான மருந்து. அதனால் இந்த ஒட்டுண்ணியை ஒழிக்க முடியாது.

டாக்டரிடம் போகிறார். பி.ஹெச் 6. ஸ்லைடில் கிருமி நகர்கிறது. 400 மில்லிகிராம் மெட்ரோனிடசோல், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாள்கள். மொத்தம் 14 மாத்திரைகள். நான்காம் நாளே திரவம் நின்றுவிடுகிறது. 'டாக்டரம்மா உங்களையும் மாத்திரை சாப்பிடச் சொன்னாங்க' என்கிறார் கணவரிடம். 'எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, நான் எதுக்குச் சாப்பிடணும்?' என்று கேட்டுவிட்டு அவர் விட்டுவிடுகிறார்.

மூன்று வாரம் கழித்து, அதே நுரை, அதே அரிப்பு.

இப்போது அந்தப் பெண் நினைப்பது 'மாத்திரை வேலை செய்யலை' என்று. உண்மையில் மாத்திரை வேலை செய்தது. கணவரின் சிறுநீர்க் குழாயில் இருந்த கிருமி மறுபடி அவருக்குத் தொற்றியிருக்கிறது. ஆண்களில் பெரும்பாலானோருக்கு இந்தத் தொற்று எந்த அடையாளத்தையும் காட்டாது. ஒரு சிலருக்குத்தான் சிறுநீர் கழிக்கும்போது லேசான எரிச்சலோ, கொஞ்சம் திரவமோ வரும். மெட்ரோனிடசோலுக்கு அடங்காத கிருமிகளும் உண்டுதான். ஆனால் அவை குறைவு. அதனால் தொந்தரவு திரும்பி வந்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, 'உங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?' என்பதுதான்.

இரண்டாவது முறை இருவரும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். மனைவிக்கு மறுபடி ஏழு நாள். கணவருக்கு 400 மில்லிகிராம் மாத்திரைகள் ஐந்தை ஒரே வேளையில், சாப்பாட்டுக்குப் பிறகு. அதாவது 2 கிராம். இருவரும் மருந்தை முடித்து, தொந்தரவும் முழுதாக நிற்கும் வரை உறவு இல்லை. இந்த முறை தொற்று போகிறது.

ஏழு நாள் மாத்திரை ஏன்?

'அவருக்கு ஒரே வேளை, எனக்கு மட்டும் ஏழு நாளா?' என்ற கேள்வி நியாயமானது. முன்பு பெண்களுக்கும் ஒரே வேளை 2 கிராம் கொடுப்பது பரவலாக இருந்தது. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நான்கு வாரம் கழித்துப் பரிசோதித்தபோது, ஒரே வேளை சாப்பிட்ட பெண்களில் 19 சதவிகிதத்தினருக்குக் கிருமி இருந்தது. ஏழு நாள் சாப்பிட்டவர்களில் அது 11 சதவிகிதம். அதன் பிறகு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், பெண்களுக்கு ஏழு நாள் முறையையே முதலில் பரிந்துரைக்கிறது.

அதனால் நான்காம் நாள் சரியாகிவிட்டது என்று மீதி மாத்திரையை நிறுத்தக் கூடாது. வாயில் உலோகச் சுவை, குமட்டல் வரலாம்; உணவுக்குப் பிறகு சாப்பிட்டால் குறையும். சிகிச்சை நாள்களில் மதுவைத் தவிர்க்கும்படி மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உள்ளே வைக்கும் ஜெல் மட்டும் போதாது. சிறுநீர்த் துவாரத்திலும் சுரப்பிகளிலும் ஒளிந்திருக்கும் கிருமியை அது எட்டாது.

கர்ப்பிணிகளுக்கும் மெட்ரோனிடசோல் கொடுக்கலாம். ஆனால் டாக்டரின் மேற்பார்வையில் மட்டும். கர்ப்ப காலத்தில் இந்தத் தொற்று இருந்தால் பனிக்குடம் முன்னதாக உடைவது, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கான வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த நேரத்தில் வெள்ளைப்படுதலை மறைக்கக் கூடாது.

'அப்படின்னா யார்கிட்ட இருந்து வந்தது?'

'உடலுறவு மூலம் பரவும்' என்ற வார்த்தையைக் கேட்டதும் வீட்டில் வெடிக்கும் கேள்வி இது. கணவர் மனைவியைச் சந்தேகிப்பார், மனைவி கணவரை. சில வீடுகளில் இந்தப் பயத்தாலேயே பெண்கள் நோயைக் கணவரிடம் சொல்லாமல் தனியாக மாத்திரை சாப்பிடுகிறார்கள். நோயும் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தக் கேள்விக்குப் பரிசோதனையால் பதில் சொல்ல முடியாது. தொற்று ஏற்பட்ட 5 முதல் 28 நாள்களுக்குள் அறிகுறி வரலாம்; பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட எந்த அறிகுறியும் இல்லாமல் உடலில் தங்கியிருக்கலாம். தொற்று இருக்கும் பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருப்பதில்லை. அதனால் இன்று கண்டுபிடிக்கப்பட்ட தொற்று, போன மாதம் வந்ததா, திருமணத்துக்கு முன்பே வந்ததா என்பதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. யாருக்கு முதலில் அரித்தது என்பதை வைத்து யார் கொடுத்தது என்று தீர்மானிக்கவும் முடியாது. ரிப்போர்ட் சொல்வது ஒன்றை மட்டும்தான்: இப்போது கிருமி இருக்கிறது, இருவரும் மருந்து எடுக்க வேண்டும்.

கணவரிடம் சொல்லத் தயங்கும் பெண்கள், அவரையும் அழைத்து வரும்படி டாக்டரையே சொல்லச் சொல்லலாம்.

அரசு மருத்துவமனையில்...

தமிழ்நாட்டின் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பால்வினைத் தொற்றுகளுக்கான 'சுகவாழ்வு மையம்' செயல்படுகிறது. ஆலோசனையும் மருந்தும் இலவசம். மைக்ரோஸ்கோப் வசதி இல்லாத இடங்களில் அறிகுறியை வைத்தே சிகிச்சை தரப்படும். அதற்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்திருக்கும் பச்சை நிற மருந்துப் பொட்டலத்தில் 2 கிராம் செக்னிடசோலும் 150 மில்லிகிராம் ஃப்ளுகோனசோலும் இருக்கும். முதல் மருந்து ஒட்டுண்ணிக்கும் பாக்டீரியாவுக்கும், இரண்டாவது ஈஸ்ட்டுக்கும். ஒரே நேரத்தில் மூன்றையும் குறிவைக்கும் ஏற்பாடு.

ட்ரைக்கோமோனியாசிஸ் உறுதியானால் ஹெச்.ஐ.வி மற்றும் சிஃபிலிஸ் பரிசோதனைகளும் செய்யச் சொல்வார்கள். பயந்துவிட வேண்டாம். இந்தத் தொற்றால் புண்பட்ட உள்சுவர் வழியாக ஹெச்.ஐ.வி கிருமி நுழைவது எளிது என்பதால் எடுக்கப்படும் முன்னெச்சரிக்கை இது. இதுபற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

வெள்ளைப்படுதலுடன் அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் தொற்று கருப்பை, கருக்குழாய் வரை போயிருக்கலாம். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். திரவத்தில் ரத்தம் கலந்து வந்தாலோ, உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு இப்படி வந்தாலோ கருப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனையும் அவசியம்.

சிகிச்சை முடிந்து தொந்தரவு நின்றுவிட்டாலும், மூன்று மாதம் கழித்து ஒருமுறை மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரை அட்டையையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பு என்ன மருந்து, எத்தனை நாள், கணவர் சாப்பிட்டாரா இல்லையா என்ற மூன்று விவரங்கள் தெரிந்தால், மறுபடி தொற்று வந்திருந்தாலும் அது புதிதாக ஒட்டியதா, மருந்துக்கு அடங்காததா என்பதை டாக்டரால் பிரித்துப் பார்க்க முடியும்.